எழுதிய பக்கம் எப்போது முடிவாகும்?

பல வருடங்களாக டைரி எழுதும் ஒருவரிடம், பழைய நோட்டை எடுத்து மார்ச் மாதத்தில் ஒரு பக்கத்தையும் அக்டோபரில் ஒரு பக்கத்தையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரே கவலைதான் இரண்டிலும் இருக்கும். வார்த்தைகள்கூட அதிகம் மாறியிருக்காது. “வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது”, “வீட்டில் யாரும் என்னைப் புரிந்துகொள்வதில்லை”, “அடுத்த மாதத்திலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.” இடையில் ஏழு மாதம் போயிருக்கிறது. எழுதியவர் நேர்மையாக, தவறாமல் எழுதியிருக்கிறார். ஆனால் எதுவும் முடிவாகவில்லை.

எழுதும் பழக்கத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. பக்கத்தைத் திறக்கும்போது மனதுக்குள் இருக்கும் கேள்விதான் இதற்குக் காரணம். “இன்று எப்படி இருந்தது?”, “ஏன் எனக்கு மட்டும் இப்படி?” என்ற கேள்விகளோடு உட்கார்ந்தால் பதில் புலம்பலாகத்தான் வரும். அது ஒரு நாளைக்குப் போதும். நாற்பது நாளும் அதே கேள்வி என்றால் பேனா ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கேள்வி நகர வேண்டும். முதலில் நடந்ததைக் கேட்பது, பிறகு அதில் எது உறுத்துகிறது என்பது, பிறகு தெரியாதது எது என்பது, கடைசியாக எந்தத் தேதியில் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பது. இந்த வரிசையில் நகர்ந்தால்தான் எழுத்து ஒரு முடிவில் போய் நிற்கும்.

இதற்கு ஆராய்ச்சிப் பின்புலம் உண்டு. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், சாண்ட்ரா பீல் என்ற மாணவியோடு சேர்ந்து 1986இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் 46 பேர். தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்க்கையில் நடந்த பெரிய துயரத்தின் விவரத்தை மட்டும் எழுதினார்கள். சிலர் அப்போது எழுந்த உணர்ச்சியை மட்டும் எழுதினார்கள். இன்னும் சிலர் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவ மையத்துக்கு யார் எத்தனை முறை போனார்கள் என்று பார்த்தபோது, இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள்தான் குறைவாகப் போயிருந்தார்கள். எழுதிய அன்று அவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது. பலன் பிறகுதான் தெரிந்தது. இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுபவர்கள் பலரும் “மனதில் உள்ளதைக் கொட்டுங்கள்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை என்பதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பிறகு பென்னிபேக்கர் குழு, இப்படி எழுதப்பட்ட பக்கங்களில் உள்ள சொற்களையே எண்ணிப் பார்த்தது. நலம் பெற்றவர்களின் பக்கங்களில் முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் “ஏனென்றால்”, “அதனால்”, “இப்போது புரிகிறது” போன்ற சொற்கள் கூடிக்கொண்டே வந்தன. முதல் நாளே தெளிவான கதையோடு வந்து, கடைசி நாளும் அதே கதையைச் சொன்னவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. நாலு நாளில் கதை மாறியவர்களுக்கே மாற்றம் இருந்தது.

நம் நோட்டையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கடைசி பத்துப் பதிவுகளில் “எப்போதும்”, “யாருமே”, “எல்லாமே” என்ற சொற்களை வட்டமிடுங்கள். பிறகு ஒரு தேதி, ஒரு தொகை, ஒருவர் சொன்ன வாக்கியம் போன்ற எதையாவது அடிக்கோடிடுங்கள். வட்டங்கள் நிறையவும் கோடுகள் சிலவும் இருந்தால், நோட்டு யோசிக்கவில்லை, புலம்பிக்கொண்டிருக்கிறது.

இதை ஓர் உதாரணத்தில் முழுமையாகப் பார்ப்பதுதான் நல்லது. ஆள் கற்பனை, நிலைமை நம் ஊரில் பல வீடுகளில் இருப்பது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் ஆசிரியை, வயது 44. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு. அம்மாவுக்கு 72 வயது, அம்பாசமுத்திரத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். தம்பி பெங்களூரில். அக்டோபர் தொடக்கத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார். அம்மாவைக் கோவைக்கு அழைத்து வந்துவிடலாமா, அங்கேயே விடலாமா என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

அவருடைய முதல் பதிவு இப்படி இருக்கிறது: “இன்றும் தூக்கம் இல்லை. அம்மாவை நினைத்தாலே பயம். தம்பி எதையும் கண்டுகொள்வதே இல்லை. எப்போதும் எல்லாம் என் தலையில்தான் விழுகிறது. நான் மட்டும் எத்தனையைப் பார்ப்பது?”

இதில் தவறு ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் எழுதப்பட்டே ஆக வேண்டும். ஆனால் மறுநாள் அவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: “நடந்தது என்ன? நாள், நேரம், இடம், ஆள் மட்டும் எழுது. நல்லது கெட்டது என்று எதையும் சொல்லாதே.” பதில்: “அக்டோபர் 4. காலை ஐந்தரை. பின்கட்டுக் குளியலறை. கரண்ட் இல்லை, தரை ஈரம். வலது மணிக்கட்டு. ஆறு வாரம் கட்டு. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை பால் வாங்க வந்தபோது பார்த்தார்கள். தம்பி அன்று சாயங்காலமே பஸ் ஏறினான். நாலு நாள் இருந்தான்.”

இந்த ஒரு பத்தி இரண்டு காரியங்களைச் செய்துவிட்டது. தம்பி கண்டுகொள்வதே இல்லை என்ற வாக்கியம் நிற்கவில்லை. கோபத்துக்கு வேறு காரணம் இருக்கலாம்; ஆனால் அவன் வந்தான், இருந்தான். இரண்டாவது, அவரை இத்தனை நாள் தூங்கவிடாமல் வைத்திருந்தது எது என்பது வெளியே வந்துவிட்டது. ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம். அம்மா விழுந்ததைவிட, விழுந்தது யாருக்கும் தெரியாமல் கிடந்ததுதான் பயம். “அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது” என்ற பெரிய கேள்விக்குள் “அம்மா விழுந்தால் எத்தனை நிமிடத்தில் நமக்குத் தெரியும்” என்ற சின்னக் கேள்வி ஒளிந்திருக்கிறது. பெரிய கேள்விக்கு மாதங்கள் ஆகலாம். சின்னதற்கு இந்த வாரமே வழி செய்யலாம்.

மூன்றாம் நாள் கேள்வி: “நான் பயப்படுவது எதற்கு? இன்னும் குறிப்பாகச் சொல்.” இந்த “இன்னும் குறிப்பாக” என்பதை விடாமல் இரண்டு மூன்று முறை கேட்க வேண்டும். முதல் பதில் “அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும்” என்றுதான் வரும். அடுத்தது “தனியாகக் கிடப்பாள்” என்று வரும். அதற்கும் அடுத்துதான் எழுதக் கை கூசுகிற வரி வருகிறது: “பெத்த மகள் இருந்தும் கிழவியை ஒத்தையில் விட்டுட்டா என்று ஊரில் சொல்வார்கள்.” இந்த இரண்டு பயமும் உண்மையானவை. ஆனால் இரண்டும் இரண்டு விதமான முடிவைக் கேட்கின்றன. முதல் பயத்துக்குக் கைப்பிடியும் போனும் பக்கத்தில் ஆளும் வேண்டும். இரண்டாவது பயம், அம்மாவை உடனே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடு என்கிறது. இரண்டும் கலந்து கிடக்கும்வரை எது பேசுகிறது என்று தெரியாது.

“ஏன்” என்ற கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. “நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன்?” என்று எழுதினால் நம் மனம் உடனே ஒரு கதை கட்டிவிடும். சின்ன வயது, அப்பா, வளர்ப்பு என்று போய்விடும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை; ஆனால் அடுத்த வாரம் என்ன செய்வது என்பதற்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. “எது”, “எப்போது”, “யார்”, “எவ்வளவு” என்று கேட்டால் பதில் தரையில் நிற்கும்.

நாலாவது நாள், தன்னைப் பற்றி வெளியே நின்று எழுதும் முறை. “நான்” என்ற சொல்லை விட்டுவிட்டு, தன் பெயரைச் சொல்லி, தன்னோடு வேலை பார்க்கும் இன்னொரு டீச்சருக்கு இந்த நிலைமை வந்திருப்பதுபோல எழுதுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஈதன் க்ராஸ் என்பவரும் சகாக்களும் இதைப் பலவாறு சோதித்திருக்கிறார்கள். தன்னைப் பெயர் சொல்லி அழைத்து யோசிப்பவர்களுக்குப் பதற்றம் சற்றுத் தணிகிறது என்பது அவர்கள் கண்டது. நம் ஆசிரியை எழுதுகிறார்: “அவள் இன்னும் அம்மாவிடம் பேசவே இல்லை. தம்பியோடு ரெண்டு முறை சண்டை போட்டாள். புருஷனோடு பேசினாள். அம்மாவிடம் கைவலி எப்படி இருக்கு என்று மட்டும்தான் கேட்டாள்.”

எல்லாப் பக்கங்களையும் திருப்பிப் படித்துப் பார்க்கிறார். அது உண்மைதான். ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார், அம்மா சொன்ன ஒரு வாக்கியம்கூட இல்லை. முடிவு அம்மாவின் வாழ்க்கையைப் பற்றியது.

என் அனுபவத்தில் திருப்பிப் படிப்பதுதான் இந்தப் பழக்கத்தில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுகிற பகுதி. எழுதும்போது நாம் சொல்ல நினைத்ததைத்தான் பார்க்கிறோம். ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது சொல்லாமல் விட்டது தெரியும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இந்த முடிவால் யாருடைய அன்றாடம் மாறப்போகிறது? அவர் என்ன சொன்னார், அவருடைய வார்த்தையிலேயே?” பக்கத்தில் அந்த இடம் காலியாக இருந்தால், அடுத்த வேலை எழுதுவது இல்லை, போன் செய்வது.

போன் செய்கிறார். அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறார்: “இங்க விழுந்தா பக்கத்து வீட்டு மைனி வந்துருவா. அங்க நீங்க எல்லாரும் காலைல கிளம்பிப் போயிட்டா யாரு இருக்கா? கதவப் பூட்டிட்டு ஒத்தைல கெடக்கணும்லா.”

இந்த வாக்கியம் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. ஆசிரியை காலை ஏழரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வீடு திரும்புவார். கணவர் பட்டறையில். பையன் பள்ளிக்கூடம், பிறகு டியூஷன். மூன்றாவது மாடியில் புதிய ஊரில் ஒன்பதரை மணி நேரம் அம்மா தனியாக இருப்பார், பால் வாங்க யாரும் எட்டிப் பார்க்காமல். எந்தப் பயத்துக்காகக் கோவைக்கு அழைக்க நினைத்தாரோ, அந்தப் பயம் கோவையில் இன்னும் பெரிதாகிறது. எத்தனை நாள் உணர்ச்சியைக் கொட்டி எழுதியிருந்தாலும் இது வந்திருக்காது. எது தெரியவில்லை என்பதை எழுத்து காட்டியதால் வந்தது.

இதற்குப் பிறகுதான் சாதக பாதகங்களை எழுதும் பக்கம் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் இதை முதல் நாளே எழுதிவிடுகிறார்கள். அப்போது இரண்டு பக்கமும் ஏற்கெனவே தெரிந்த வாதங்களால் மட்டும் நிரம்பும். இந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது என்பதற்குப் பழைய, நல்ல வழிகாட்டி ஒன்று உண்டு. 1772 செப்டம்பர் 19 அன்று லண்டனிலிருந்து பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். லீட்ஸ் நகரத்தில் தேவாலயப் போதகராக இருந்த பிரீஸ்ட்லிக்கு ஷெல்பர்ன் பிரபு தன் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். போகலாமா வேண்டாமா என்று பிரீஸ்ட்லி கேட்டிருந்தார். ஃபிராங்க்ளின் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொன்னார்: ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் சாதகம், ஒரு பக்கம் பாதகம். ஒரே மூச்சில் எழுதக் கூடாது. மூன்று நாலு நாள், வெவ்வேறு நேரங்களில் தோன்றுவதைச் சுருக்கமாகக் குறித்துக்கொண்டே வர வேண்டும். பிறகு எடைபோட்டு, ஒன்றுக்கொன்று ஈடான காரணங்களை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கத்தின் ஒரு பெரிய காரணம் மறுபக்கத்தின் இரண்டு சின்னக் காரணங்களுக்கு ஈடாகலாம். அடித்து முடித்த பின் மிஞ்சுவது எந்தப் பக்கம் என்று பார்த்து, இன்னும் ஓரிரு நாள் புதிதாக எதுவும் தோன்றாவிட்டால் முடிவெடுக்கலாம். பிரீஸ்ட்லி அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். 1774இல் ஷெல்பர்ன் பிரபுவின் மாளிகையில் இருந்தபோதுதான் பிராணவாயுவைப் பிரித்தெடுத்தார்.

இந்த முறையின் உயிர் அந்த மூன்று நாலு நாளில்தான் இருக்கிறது. கோபமாக இருக்கும் இரவில் ஒரு வகைக் காரணங்கள் மட்டும் தோன்றும். விடிந்து காபி குடித்த பின் வேறு வகை தோன்றும். ஒரே தாளில் இரண்டும் இடம்பெற வேண்டுமானால் தாள் மேசையில் சில நாள் கிடக்க வேண்டும்.

இதற்கு ஒரு குறை உண்டு, அதையும் தெரிந்துகொண்டுதான் பயன்படுத்த வேண்டும். வார்த்தையில் சுலபமாக வருகிற காரணங்களே தாளில் ஏறும். உளவியலாளர் டிமதி வில்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கல்லூரி மாணவர்களுக்குச் சுவரில் மாட்டும் படங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலரை மட்டும் முதலில் பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் காரணங்களை எழுதச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதிவிட்டு எடுத்தவர்களுக்குத்தான் தாங்கள் எடுத்த படத்தில் திருப்தி குறைவாக இருந்தது. சொல்ல வந்த காரணங்கள் சொல்ல வராத விருப்பத்தை ஓரம் தள்ளிவிட்டன.

நம் ஆசிரியையின் தாளிலும் அது நடக்கிறது. “மாதாமாதம் அம்பாசமுத்திரம் போய்வரும் செலவு மிச்சம்”, “நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில்”, “பையன் பரீட்சை நேரம் அம்மா இருந்தால் சமையலுக்கு உதவி” என்பவை எல்லாம் சட்டென்று ஏறிவிட்டன. அம்மா விடியற்காலையில் வாசல் தெளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிற எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசுவார் என்பது ஏறவில்லை. அதற்கு என்ன பெயர் வைத்து எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதனால் கோட்டுக்குக் கீழே மூன்றாவதாக ஓர் இடம் விடுவது நல்லது. “காரணமாகச் சொல்லத் தெரியாது, ஆனால் இருக்கிறது” என்று தலைப்பு வைத்து, மனக்கண்ணில் வருகிற காட்சியை அப்படியே எழுதிவிடலாம். எடைபோடும்போது அதையும் படித்துவிட்டு எடைபோட வேண்டும்.

அக்டோபர் கடைசியில் அவர் எடுக்கிற முடிவு, முதலில் யோசித்த இரண்டில் எதுவும் இல்லை. அம்மா மே மாதம்வரை ஊரிலேயே இருப்பார். குளியலறையில் இரண்டு கைப்பிடி, சொரசொரப்பான தரை ஓடு, கரண்ட் போனாலும் எரிகிற விளக்கு. தெருவிலேயே இருக்கும் ஒரு பெண் காலையில் இரண்டு மணி நேரம் வந்து போவார். மே விடுமுறையில், பள்ளி இல்லாத மாதத்தில், அம்மா கோவையில் வந்து இருந்து பார்ப்பார். நிரந்தர முடிவை அதற்குப் பிறகு எடுப்பது.

இங்கே பலருடைய நோட்டு நின்றுவிடுகிறது. முடிவு எழுதியாயிற்று, மனம் லேசாகிவிட்டது, செய்ததுபோலவே இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த இடைவெளியைத்தான் பல வருடங்களாக ஆராய்ந்தார். அவரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவர்கள் கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தார்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். சிலரை மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்து வைக்கச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு பேர் குறித்த காலத்தில் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். எண்ணம் இரண்டு குழுவுக்கும் இருந்தது. நேரமும் இடமும் ஒரு குழுவுக்கு மட்டும் இருந்தது.

எனவே முடிவின் ஒவ்வொரு வரியையும் “இது நடந்தால், இதைச் செய்வேன்” என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். “அம்மாவை அடிக்கடி விசாரிக்க வேண்டும்” என்பது வேலைக்கு ஆகாது. ஆசிரியை எழுதுவது: “தினமும் காலை ஆறு மணிக்குத் தம்பி அம்மாவுக்குப் போன் செய்வான். ஆறேகால்வரை எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு அத்தைக்குப் போன் செய்வான். இரவு எட்டுக்கு நான் பேசுவேன்.” அன்று ஒன்றரை மணி நேரமாக இருந்தது, இந்த ஏற்பாடு இருந்திருந்தால் முக்கால் மணி நேரமாகியிருக்கும். “கைப்பிடி போட வேண்டும்” என்பது “நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது, சனிக்கிழமையே கொத்தனாருக்குச் சொல்லிவிடுவேன்” ஆகிறது. இப்படி மாற்ற முடியாமல் திணறுகிற வரி இருந்தால், அது இன்னும் முடிவாகவில்லை, விருப்பமாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசிப் பக்கம் முடிவுப் பதிவு. இதை மற்ற பக்கங்களிலிருந்து தனியே, நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவது நல்லது. என்ன முடிவு, வேறு எந்த வழிகளை ஒதுக்கினேன், இன்று என் மனநிலை என்ன, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பேன். எதிர்பார்ப்பை எண்ணோடு எழுத வேண்டும். “அம்மா அந்த வேலைக்காரப் பெண்ணை ஒரு மாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு ஏழு.” திரும்பிப் பார்க்கும் தேதி: ஜனவரி 20, பொங்கல் முடிந்து.

எண் எதற்கு என்றால், நம் ஞாபகம் நம்மை ஏமாற்றிவிடும். பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்தும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. 1972இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போகும் முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் எண்ணால் எழுதி வாங்கினார்கள். பயணங்கள் முடிந்தபின், நீங்கள் முன்பு என்ன எழுதினீர்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் அதிக வாய்ப்பு கொடுத்ததாகப் பலரும் நினைத்துக்கொண்டார்கள். நடந்தபின் எல்லாம் முன்பே தெரிந்ததுபோல ஆகிவிடுகிறது. தேதி போட்டு எழுதிய ஓர் எண்ணை மட்டும் அப்படி மாற்ற முடியாது.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, நம் வீடுகளில் நோட்டு யார் கையிலும் கிடைக்கும். யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் பேனா தானாகவே பொய் சொல்லத் தொடங்கும். புலம்பல் பக்கங்களைத் தனித் தாளில் எழுதி, படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடலாம். அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. காப்பாற்றி வைக்க வேண்டியது நடந்ததை எழுதிய பக்கமும் முடிவுப் பதிவும் மட்டும். அவை யார் கண்ணில் பட்டாலும் பெரிய சங்கடம் இருக்காது. இரண்டு, எழுதுவதால் தாங்க முடியாமல் போகிற விஷயங்களும் உண்டு. ஒன்றைத் தொட்டாலே நிலைகுலைந்துவிடுவோம் என்று தோன்றினால் அதை இப்போது எழுத வேண்டாம் என்பது பென்னிபேக்கரே சொல்கிற விதி. நாலைந்து நாள் எழுதியும் மனம் கனத்துக்கொண்டே போனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், உயிரை வெறுக்கும் எண்ணம் வந்தால், நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

ஜனவரி 20 அன்று ஆசிரியை பின்பக்கத்தைத் திறக்கிறார். அன்று கேட்க வேண்டியது “நல்லதாக முடிந்ததா?” என்பது மட்டும் இல்லை. “எதிர்பார்த்தது எது, நடந்தது எது, இரண்டுக்கும் இடையில் நான் எதைக் கணக்கில் எடுக்கவில்லை?” என்பதும்தான். முடிவு சரியாக எடுக்கப்பட்டும் பலன் மோசமாக வரலாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு அதிர்ஷ்டத்தில் பலிக்கலாம். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். அவர் எழுதுவது: “வேலைக்கு வரும் பெண்ணை அம்மா நிறுத்தவில்லை. என் கணிப்பு தப்பு. அவளுடைய சின்னக் குழந்தையும் கூட வருகிறது, அம்மாவுக்கு அதைப் பிடித்துவிட்டது. இது எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி திங்கள் முதல் சனிவரை தவறாமல் போன் செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை தூங்கிவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு காலை ஆறு மணி என்னுடையது. மே மாதம் அம்மா இங்கே இருக்கும்போது பார்க்க வேண்டியது: மூன்று மாடி ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, நாங்கள் வெளியே போனால் கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள், அம்மா எத்தனை நாளில் ஊருக்குப் போகணும் என்று சொல்கிறாள். என் கணிப்பு, பத்து நாளில் சொல்வாள்: பத்துக்கு ஆறு. அடுத்து பார்க்கும் தேதி: மே 31.”